ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பின் வெளிப்பக்கம் வலிக்கிறதா? பர்சா உறுத்தலைத் தணிக்க ஒரு முழு வழிகாட்டி

தர்மபுரியில் பிசியோதெரபிஸ்டாக இருக்கிறேன். மாசி, பங்குனியில் புளி வேலை தொடங்கிவிட்டால் ஒரே மாதிரியான வலியோடு பெண்கள் வர ஆரம்பிப்பார்கள். ஓடு உடைத்து, நார் உரித்து, கொட்டை தட்டி என்று நாள் முழுக்கத் தரையில் உட்கார்ந்து வேலை. ராத்திரி அந்தப் பக்கமாக ஒருக்களித்துப் படுத்தால் இடுப்பு வெளிப்பக்கம் விண்ணென்று தெறிக்கிறது, திரும்பிப் படுத்தாலும் விடுவதில்லை. நடுராத்திரியில் எழுந்து உட்கார்ந்துவிடுகிறார்கள்.

இங்கே நான் சொல்லப்போவது அந்த வலியை மட்டும்தான். பாலக்கோடு பக்கத்துக் கிராமத்திலிருந்து வந்த ஓர் அக்காவின் கதையை வைத்தே சொல்கிறேன். வயது 52. இடது பக்கம் நான்கு மாத வலி. வந்தவுடன் கேட்டது, "தம்பி, இடுப்பெலும்பு தேஞ்சு போச்சுன்னு சொல்றாங்க, நெசமா?"

கையில் முதுகு எக்ஸ்ரே வைத்திருந்தார். "இடுப்பு வலி" என்று சொல்லியிருக்கிறார், ஒரு கிளினிக்கில் முதுகை எக்ஸ்ரே எடுத்திருக்கிறார்கள். நம் பேச்சில் இடுப்பு என்பது கீழ்முதுகையும் குறிக்கும், தொடை சேரும் மூட்டையும் குறிக்கும், பக்கவாட்டையும் குறிக்கும். அதனால் நான் வார்த்தையை நம்புவதில்லை. "கை வச்சுக் காட்டுங்க அக்கா" என்றேன். உள்ளங்கையை அப்படியே தொடையின் வெளிப்பக்கம், மேலே வைத்தார். பாதி விடை அங்கேயே கிடைத்துவிட்டது.

அந்த இடத்தில் என்ன இருக்கிறது

நின்றுகொண்டு, உள்ளங்கையைத் தொடையின் வெளிப்பக்கத்தில் மேலே வையுங்கள். ஆண்களுக்குப் பேண்ட் பாக்கெட் வரும் இடம். இப்போது அந்தக் காலின் குதிகாலை ஊன்றி, முன்பாதத்தை உள்ளேயும் வெளியேயும் திருப்புங்கள். உள்ளங்கைக்குக் கீழே ஒரு முண்டு உருளும். அது தொடையெலும்பின் மேல்முனையில் இருக்கும் மேடு. இடுப்பு மூட்டு அது இல்லை. மூட்டு இன்னும் உள்ளே, தொடைச் சந்துக்குப் பின்னால் ஆழத்தில் இருக்கிறது.

இந்த மேட்டில் பிட்டத்தின் பக்கவாட்டுத் தசைகள் இரண்டு வந்து நாராகப் பதிகின்றன. நாம் ஒரு காலில் நிற்கும்போது மறுபக்கம் இடுப்பு தொங்கிவிடாமல் பிடித்துக்கொள்வது அவைதான். அவற்றுக்கு மேலே, இடுப்பிலிருந்து முழங்கால் வரை, தடித்த பட்டை ஒன்று இறங்குகிறது. எலும்பும் நாரும் கீழே, பட்டை மேலே. இரண்டும் உரசாமல் இருக்க நடுவில் வழவழப்பான நீர் கொஞ்சம் கொண்ட மெல்லிய பை இருக்கிறது. அதுதான் பர்சா.

மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரி கூழ் ஆலைகளுக்கு டெம்போவில் லோடு போவதைப் பார்த்திருப்பீர்கள். கயிற்றை இழுத்துக் கட்டும்போது கிரேட்டின் மூலையில் ஒரு சாக்கை மடித்து வைப்பார்கள். கயிறு மூலையை அறுக்காமல் இருக்க அது. கயிறு எவ்வளவு இறுகுகிறதோ அவ்வளவு அழுத்தத்தை அந்தச் சாக்கு வாங்கிக்கொள்கிறது. நம் உடம்பில் மூலை எலும்பு மேடு, கயிறு அந்தப் பட்டை, மடித்த சாக்கு பர்சா.

முழங்கால் உடம்பின் நடுக்கோட்டைத் தாண்டி மறுபக்கம் போகும்போதெல்லாம் கயிறு இறுகுகிறது. கால் மேல் கால் போடும்போதும், ஒரு பக்க இடுப்பை வெளியே தள்ளி நிற்கும்போதும் இதுதான் நடக்கிறது. தினமும் மணிக்கணக்கில் இறுகினால் பர்சாவின் சுவர் தடிக்கிறது, உள்ளே நீர் கூடுகிறது. அந்தச் சுவரில் வலி நரம்பு நுனிகள் உண்டு. ஏற்கெனவே இடுக்கான இடத்தில் பை வீங்கினால் அடுத்த அழுத்தம் இன்னும் வலிக்கும். அதே அழுத்தத்தில் கீழே இருக்கும் தசை நாரும் நைகிறது.

முன்பெல்லாம் இதை முழுக்க பர்சா அழற்சி என்றே சொன்னார்கள். ஆனால் பக்கவாட்டு இடுப்பு வலி உள்ள 877 பேரின் அல்ட்ராசவுண்ட் படங்களைப் பார்த்த ஓர் ஆய்வு 2013ல் வந்தது. ஐந்தில் ஒருவருக்குத்தான் பர்சா தடித்திருந்தது. தசை நார் கெட்டிருந்தவர்கள் அதைவிட அதிகம். பெரும்பாலும் இரண்டும் ஒரே அழுத்தத்தால் வருபவை. அதனால் பையை மட்டும் குறிவைத்துச் செய்யும் வைத்தியம் பாதி வைத்தியம்தான்.

படுத்தால் ஏன் கூடுகிறது

வலிக்கும் பக்கம் படுத்தால் உடல் எடை நேராக மேட்டில் இறங்குகிறது. தரையில் பாய் மட்டும் என்றால் எலும்புக்கும் சிமெண்டுக்கும் நடுவில் அந்தப் பைதான் மெத்தை. இது எல்லோருக்கும் புரிந்துவிடும்.

பலருக்குப் புரியாதது அடுத்தது. வலிக்காத பக்கம் படுத்தால் வலிக்கிற கால் மேலே வருகிறது. அந்தக் கால் சும்மா இருக்காது, முழங்கால் முன்னால் சரிந்து பாயைத் தொடும். அதாவது நடுக்கோட்டைத் தாண்டிவிட்டது, கயிறு இறுகிவிட்டது. பாலக்கோடு அக்கா நான்கு மாதமாக வலது பக்கம்தான் படுத்திருந்தார். "வலிக்கிற பக்கம் படுக்கிறதே இல்லையே தம்பி, அப்புறமும் ஏன் விடமாட்டேங்குது" என்று கேட்டதற்கு விடை இதுதான்.

முதல் படி: இதுதானா என்று பார்ப்பது

மூன்று சோதனை போதும். ஒன்று, அந்த மேட்டை விரலால் அழுத்தும்போது நீங்கள் சொல்கிற அதே வலி வரவேண்டும். இரண்டு, சுவரில் ஒரு விரலை மட்டும் வைத்துக்கொண்டு வலிக்கிற காலில் 30 விநாடி நில்லுங்கள். அதற்குள் வெளிப்பக்க வலி எழுந்தால் சந்தேகம் பலப்படுகிறது. அக்காவுக்கு 12 விநாடியில் வந்தது. மூன்று, உட்கார்ந்து அந்தக் காலை மடக்கி மெட்டியைத் திருப்பவோ கால் நகம் வெட்டவோ முடிகிறதா பாருங்கள். அது எளிதாக வந்தால் மூட்டு பெரும்பாலும் நன்றாகவே இருக்கிறது. மூட்டுத் தேய்மானம் என்றால் வலி தொடைச் சந்தில் வரும், மெட்டிக்குக் கை எட்டுவதே சிரமமாகும். அக்கா சிரமமில்லாமல் மெட்டியைத் தொட்டார். "எலும்பு தேயலை அக்கா" என்று அப்போதே சொல்ல முடிந்தது.

வலி தொடையின் வெளிப்பக்கமாக முழங்கால் வரை இறங்குவது இதில் சகஜம். முழங்காலைத் தாண்டிப் பாதம் வரை போனாலோ, மரத்துப்போனாலோ, முதுகு நரம்பைப் பார்க்கவேண்டும்.

நம் பக்கத்தில் இன்னொன்றையும் மனதில் வைக்கவேண்டும். தர்மபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே அதற்காக வந்ததுதான். பல வருடம் போர் தண்ணீர் குடித்தவருக்குக் கழுத்து, முதுகு, இரண்டு பக்க இடுப்பு என்று எல்லாம் இறுகிக்கொண்டே வந்தால் அது இந்த வலி இல்லை. எக்ஸ்ரே எடுத்துப் பார்க்கவேண்டும்.

வீட்டு வைத்தியத்தில் ஒருநாளும் தள்ளிப்போடக் கூடாதவையும் உண்டு. விழுந்த பிறகு கால் ஊன்ற முடியாத வலி, அந்த இடம் சிவந்து காய்ச்சலோடு வீங்குவது, சாயங்காலக் காய்ச்சலும் எடை குறைவும் சேர்ந்த வலி, புற்றுநோய்க்குச் சிகிச்சை எடுத்தவருக்குப் புதிதாக வந்த எலும்பு வலி. இந்த மேட்டில் அபூர்வமாகக் காசநோய் வருவதுண்டு. சூடோ சிவப்போ இல்லாமல் மெதுவாக வளரும் வீக்கமாக அது தெரியும். இவை எதுவானாலும் நேராக மருத்துவமனைக்குப் போங்கள்.

இரண்டாம் படி: இன்றைக்கு ராத்திரியிலிருந்தே படுக்கையை மாற்றுவது

மருந்து, பயிற்சி எல்லாவற்றுக்கும் முன்னால் நான் இதைத்தான் செய்யச் சொல்வேன். தூக்கம் திரும்பினால்தான் மற்றதைச் செய்ய உடம்பு வரும்.

தரையில் படுப்பவர்கள் பாய்க்கு மேல் மூன்று, நான்கு அங்குல உயரத்துக்கு விரியுங்கள். மடித்த ஜமுக்காளம், அதன்மேல் பழைய சேலைகளை மடித்துத் தைத்த மெத்தை இருந்தால் போதும். கட்டில் வாங்க வேண்டியதில்லை.

மிக நல்லது மல்லாந்து படுப்பது. முழங்காலுக்கு அடியில் கம்பளியைச் சுருட்டி வையுங்கள், கால்கள் இடுப்பளவு விரிந்திருக்கட்டும். மல்லாந்து தூக்கம் வராதவர்கள் வலிக்காத பக்கம் படுக்கலாம், ஆனால் மேலே இருக்கும் காலுக்கு முழுத் தாங்கல் வேண்டும். இங்கேதான் எல்லோரும் தவறு செய்கிறார்கள். முழங்காலுக்கு நடுவில் ஒரு சின்னத் தலையணையைச் செருகிவிட்டு, பாதத்தைத் தொங்கவிட்டு விடுகிறார்கள். இரண்டு தலையணையை வரிசையாகப் போட்டு, முழங்காலிலிருந்து கணுக்கால் வரை கால் முழுவதும் அதன்மேல் இருக்கவேண்டும். உயரம் சரியா என்று பார்க்க ஒரு வழி: மேலே இருக்கும் முழங்கால் அந்தப் பக்க இடுப்பைவிடத் தாழ்ந்திருந்தால் உயரம் போதாது. அக்கா வீட்டு இலவம்பஞ்சுத் தலையணை நைந்து அமுங்கிப்போயிருந்தது. ஒன்றின்மேல் ஒன்றாக இரண்டு போட்டபிறகுதான் கால் நேரானது.

தூக்கத்தில் வலிக்கிற பக்கம் புரண்டுவிடுவேன் என்பவர்கள் அந்தப் பக்கத்தில் முதுகை ஒட்டி ஒரு சுருட்டிய போர்வையை அணைத்து வைத்துக்கொள்ளுங்கள். பாதி புரண்டாலும் அது தாங்கும். அப்படியும் நிற்கவில்லை என்றால், விரிப்பை இரண்டு மடிப்பாகப் பிரித்து இடுப்பு மேடு வரும் இடத்தில் ஒரு சாண் இடைவெளி விடுங்கள். மேடு அந்தப் பள்ளத்தில் இறங்கிக்கொள்ளும், எடையைப் பிட்டமும் தொடையும் வாங்கிக்கொள்ளும்.

மூன்றாம் படி: பகலில் கயிற்றைத் தளர்த்துவது

ராத்திரி வலியின் வேர் பகலில்தான் இருக்கிறது. அக்காவை எப்படி உட்கார்ந்து புளி தட்டுவீர்கள் என்று உட்கார்ந்து காட்டச் சொன்னேன். இரண்டு காலையும் வலது பக்கம் மடக்கிப்போட்டு, உடம்பு முழுவதையும் இடது பிட்டத்தில் சாய்த்து உட்கார்ந்தார். வலது கையில் சுத்தியல், முன்னால் கல். ஒரு நாளில் ஏழு, எட்டு மணி நேரம் இப்படி. இடது மேடு தரையில் அழுந்தியபடியே நாள் ஓடுகிறது.

வேலையை விடச் சொல்ல எனக்கு மனம் வராது, கூலி போய்விடும். உட்காரும் விதத்தைத்தான் மாற்றினோம். அரையடி உயர மரப்பலகை, அதன்மேல் மடித்த சாக்கு, இரண்டு காலும் முன்னால் நீட்டி அகட்டி, கல்லை நடுவில் வைத்துக்கொண்டு தட்டுவது. முதல் மூன்று நாள் வேகம் குறைந்தது என்று வருத்தப்பட்டார், பிறகு பழகிவிட்டது. அரைமணிக்கு ஒருமுறை எழுந்து நாலு எட்டு நடப்பதும் சேர்த்துத்தான். இது முடியாதவர்கள் குறைந்தது பக்கத்தையாவது மாற்றி மாற்றி உட்காருங்கள்.

அடுத்தது குடம். 15 லிட்டர் பிளாஸ்டிக் குடத்தில் தண்ணீர் மட்டும் 15 கிலோ. அதை இடுப்பில் வைக்கும்போது இடுப்பை வெளியே தள்ளிக் கொடுக்கிறோம், பட்டை முழுசாக இறுகுகிறது. பேரனை இடுப்பில் வைத்துக்கொள்வதும் அப்படியே. பாதிக் குடமாக இரண்டு கையிலும் இரண்டு வாளி எடுங்கள். பேருந்துக்கு நிற்கும்போது ஒரு காலில் சாயாமல் இரண்டு காலிலும் எடை போடுங்கள். நாற்காலியில் கால் மேல் கால் வேண்டாம்.

படியேறும்போது வலிக்காத காலை முதலில் வைக்கவும், இறங்கும்போது வலிக்கிற காலை. ஒரு படியில் இரண்டு காலையும் சேர்த்த பிறகே அடுத்த படி. நடையை நிறுத்தவேண்டாம், தூரத்தைக் குறையுங்கள். அக்கா தீர்த்தமலைக்கு வேண்டுதல் வைத்திருந்தார், அதை மட்டும் மூன்று மாதம் தள்ளிவைக்கச் சொன்னேன்.

இங்கே ஓர் எச்சரிக்கை. பக்கவாட்டு இடுப்பு வலிக்கு என்று, ஒரு காலை இன்னொரு காலுக்குக் குறுக்கே போட்டு இழுத்து நீட்டும் பயிற்சி வீடியோக்களில் நிறைய வருகிறது. இழுக்கும்போது சுகமாக இருக்கும். ஆனால் அது கயிற்றை இறுக்கும் அதே அசைவு. அன்று ராத்திரி வலி கூடுவதைப் பார்க்கலாம். எண்ணெய் போட்டு நீவுவதிலும் கவனம் தேவை. பிட்டத்துச் சதையில் இதமாகத் தேய்க்கலாம், மேட்டின்மேல் கட்டைவிரலை வைத்து அழுத்தி நீவக்கூடாது.

நான்காம் படி: தசையைப் பலப்படுத்துவது

முதல் இரண்டு வாரம் ஒரே பயிற்சி. மல்லாந்து படுத்து முழங்கால்களை மடக்கி, இடுப்பளவு அகட்டி வையுங்கள். முழங்காலுக்குச் சற்று மேலே துண்டால் இரண்டு தொடையையும் சேர்த்துக் கட்டுங்கள், அகட்டிய அளவு குறையாமல். இப்போது துண்டை அவிழ்க்கப் பார்ப்பதுபோல முழங்கால்களை வெளிப்பக்கம் தள்ளுங்கள். கால் அசையாது, தசை மட்டும் இறுகும். முழு பலத்தில் கால் பங்கு போதும். 10 விநாடியில் தொடங்கி 30 விநாடி வரை கொண்டுபோங்கள். ஐந்து முறை, காலையும் மாலையும்.

மூன்றாவது வாரம், அதே நிலையில் துண்டில்லாமல் பிட்டத்தைத் தூக்கி ஐந்து விநாடி நிறுத்தி இறக்குவது, பத்து முறை. கூடவே பிளாஸ்டிக் நாற்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழுந்து உட்காருவது, பத்து முறை. எழும்போது முழங்கால்கள் ஒன்றையொன்று நோக்கிச் சாயக்கூடாது. ஐந்தாவது வாரத்துக்குப் பிறகு, சுவரைத் தொட்டுக்கொண்டு பக்கவாட்டில் அடி வைத்து நடப்பது, பிறகு திண்ணைப் படியில் வலிக்கிற காலை வைத்து மெதுவாக ஏறி இறங்குவது. ஏறும்போது இடுப்பு இரண்டு பக்கமும் சமமாக இருக்கவேண்டும்.

அளவு சரியா என்று சொல்லும் தராசு அன்றைய ராத்திரி. பயிற்சியின்போது கொஞ்சம் வலிக்கலாம், பத்துக்கு நான்கு வரை பரவாயில்லை. ஆனால் அன்று ராத்திரி வழக்கத்தைவிடக் கூடினால் மறுநாள் பாதியாகக் குறையுங்கள். அக்கா ஒருநாள் உற்சாகத்தில் திண்ணைப் படியில் ஐம்பது முறை ஏறியிறங்கிவிட்டு இரண்டு ராத்திரி தூங்கவில்லை. மூன்றாம் நாள் துண்டுப் பயிற்சிக்கே திரும்பி, ஒரு வாரம் கழித்துப் பத்திலிருந்து மறுபடி தொடங்கினோம்.

வந்து போகச் சிரமப்படுபவர்கள் மக்களைத் தேடி மருத்துவம் குழுவிடம் கேளுங்கள். 2021 ஆகஸ்டில் கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில்தான் அந்தத் திட்டம் தொடங்கியது; வீட்டுக்கே வரும் பிசியோதெரபியும் அதில் உண்டு.

மாத்திரையும் ஊசியும்

வலி மாத்திரை சில நாள் தூக்கத்துக்கு உதவும். ஆனால் மருந்துக்கடையில் டைக்ளோஃபினாக் வாங்கி மாதக்கணக்கில் போடுவதை நான் பயத்தோடுதான் பார்க்கிறேன். சிறுநீரகம், இரைப்பை, ரத்த அழுத்தம் மூன்றையும் அது பாதிக்கும். டாக்டர் சொல்லும் நாட்களுக்கு மட்டும் எடுங்கள். துணியில் சுற்றிய ஐஸ் பத்து நிமிடம் வைப்பது பலருக்கு இதமாக இருக்கிறது.

ஸ்டீராய்டு ஊசி பர்சாவுக்குள் போட்டால் சில நாட்களிலேயே வலி குறையும். வலியால் தூங்கவே முடியாதவருக்கு அது நியாயமான வழி. ஆனால் அது எவ்வளவு தூரம் வரும் என்று தெரிந்துகொண்டு போடவேண்டும். ஆஸ்திரேலியாவில் 204 பேரை மூன்று பிரிவாக்கிப் பார்த்த ஆய்வு 2018ல் வெளியானது. எட்டு வாரத்தில் பழக்கமாற்றமும் பயிற்சியும் செய்தவர்களில் 100க்கு சுமார் 77 பேர் நன்றாகத் தேறினார்கள். ஊசி போட்டவர்களில் 58, எதுவும் செய்யாமல் பொறுத்திருந்தவர்களில் 29. ஒரு வருடம் கழித்து ஊசிக்காரர்களுக்கும் சும்மா இருந்தவர்களுக்கும் பெரிய வித்தியாசமில்லை. ஊசி கொடுக்கும் இடைவெளியில் உட்காரும் முறையையும் தசையையும் சரிசெய்யாவிட்டால் வலி திரும்பிவரும் என்றுதான் நான் இதைப் புரிந்துகொள்கிறேன். சர்க்கரை நோயாளிகள் ஊசிக்கு முன் டாக்டரிடம் கட்டாயம் சொல்லவேண்டும். ஊசிக்குப் பிறகு சில நாள் சர்க்கரை ஏறும்.

அக்காவுக்குச் சர்க்கரை 200க்கு மேல் இருந்தது. ஊசி வேண்டாம், முதலில் இப்படிப் பார்ப்போம் என்று முடிவெடுத்தோம்.

எத்தனை நாளாகும்

படுக்கையை மாற்றிய பத்தாவது நாள் அக்கா விடியும்வரை ஒரே தூக்கம் தூங்கினார். பகல் வலி அவ்வளவு சீக்கிரம் போகவில்லை. ஆறாவது வாரம் ஒரு காலில் 30 விநாடி நிற்க முடிந்தது, கடைசி ஐந்து விநாடி மட்டும் வலி. பன்னிரண்டாவது வாரம் இடது பக்கம் அரைமணி நேரம் படுக்க முடிந்தது. மேட்டை அழுத்தினால் மட்டும் லேசாகத் தெரிந்தது. அழுத்தினால் தெரியும் அந்த வலி இன்னும் சில மாதம் இருக்கும், அதை வைத்துக் குணமாகவில்லை என்று எண்ணவேண்டாம். ஆனால் எட்டிலிருந்து பன்னிரண்டு வாரம் ஒழுங்காகச் செய்தும் ராத்திரி வலி கொஞ்சமும் குறையவில்லை என்றால், எலும்பு மருத்துவரைப் பார்த்து அல்ட்ராசவுண்டோ எம்ஆர்ஐயோ எடுக்கவேண்டும். நடக்கும்போது உடம்பு அந்தப் பக்கமாகச் சாய்ந்து விழுகிறது என்றால் அதுவரைகூடக் காத்திருக்காதீர்கள், தசை நார் கிழிந்திருக்கலாம்.

அக்காவுக்கு இப்போது வாரம் இரண்டு நாள் திண்ணைப் படிப் பயிற்சி மட்டும். அடுத்த மாசியில் புளி இறங்கும்போது பழைய உட்கார்வுக்குப் போய்விடக் கூடாது என்று மரப்பலகையைத் தட்டும் கல்லோடு சேர்த்துக் கட்டி வைத்திருக்கிறார்.